நடை சாத்துவதற்குள் முடியாத சண்டை

“நான் பள்ளி ஆசிரியை. கும்பகோணம் பக்கம். ஒரு குடும்பம் காரில் ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயிலும் பார்த்துவிட்டு, தரங்கம்பாடி கடலுக்கும் போகக் கிளம்புகிறது. எங்கே முதலில் போவது என்று சண்டை வந்து, கடைசியில் சாலையோரக் கடையொன்றில் எல்லோரும் சமாதானம் ஆகிறார்கள். இதுதான் என் முதல் சிறுகதை. மூன்று இதழ்களுக்கு அனுப்பினேன், பதிலே இல்லை. படித்த தோழி, ‘சண்டை செயற்கையா இருக்கு, முடிவு திடீர்னு வருது’ என்கிறாள். ஆனால் இது எங்கள் வீட்டில் நிஜமாகவே நடந்த சண்டை. நடந்ததை அப்படியே எழுதினால் எப்படிச் செயற்கை ஆகும்? வசனத்தை இன்னும் காரமாக்க வேண்டுமா? இன்னொன்று, அத்தையை அப்படியே எழுதியிருக்கிறேன், பெயரை மட்டும் மாற்றிவிட்டேன். அது போதும்தானே? கதையை இணைத்திருக்கிறேன்.”

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தோழி சொன்னது சரி. ஆனால் குறை வசனத்தில் இல்லை. சண்டை போட உங்கள் ஆட்களுக்கு அவசரமே இல்லை என்பதுதான் குறை. காலை 8.30 மணிக்குக் காரில் ஏறுகிறார்கள், 4 பக்கம் கத்திக்கொள்கிறார்கள், அதற்குப் பிறகும் எல்லாக் கோயிலும் திறந்தே இருக்கிறது. யார் சொல்வது நடந்தாலும் நடக்காவிட்டாலும் யாருக்கும் எதுவும் நஷ்டமாவதில்லை. வீட்டில் நடந்தபோது அப்படி இருந்திருக்காது. எல்லோர் கண்ணும் கடிகாரத்தில் இருந்திருக்கும். நடந்ததை எழுதிய நீங்கள் அந்தக் கடிகாரத்தை மட்டும் விட்டுவிட்டீர்கள்.

முதலில் தாளில் பயணத்தைப் போடுங்கள்

ஒன்பது கோயிலையும் ஒரே நாளில் முடிக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. அதிகாலையில் கும்பகோணத்தில் கிளம்பி இரவு வரை ஒன்பதையும் சுற்றிக்காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். திங்களூர் மேற்கே திருவையாற்றுப் பக்கம், திருநள்ளாறு கிழக்கே காரைக்கால் பக்கம். சுற்றி வந்தால் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். ஆனால் உங்கள் குடும்பம் 8.30-க்குக் கிளம்புகிறது, நடுவில் கடலும் வேண்டும் என்கிறது. இது நடக்காது. நடக்காது என்பது கதையில் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். இப்போது அது எழுதிய உங்களுக்கே தெரியவில்லையோ என்று சந்தேகம் வருகிறது.

ஒன்பதை நான்காகக் குறையுங்கள். நாள் ஞாயிற்றுக்கிழமையாகவே இருக்கட்டும், ஏனென்றால் அன்று ராகு காலம் மாலை 4.30-லிருந்து 6 வரை. திருநாகேஸ்வரத்தில் அந்த நேரத்துப் பாலாபிஷேகத்துக்குத்தான் கூட்டம் வரும். அம்மா அதற்கு ஏற்கெனவே நேர்ந்துகொண்டிருக்கிறாள் என்று வைத்தால், நாளின் மறுமுனை ஆணியடித்தாற்போல் நின்றுவிடும். 4.30-க்கு அங்கே இருந்தாக வேண்டும்.

இனி நேரத்தைப் பாருங்கள். 8.30-க்குக் கும்பகோணம். ஆடுதுறை வழியாகச் சூரியனார் கோயில் போய்ச் சேர 9.05. ஞாயிறு என்பதால் கூட்டம், வெளியே வர 10.10. பக்கத்திலேயே கஞ்சனூர், அங்கே முடிந்து வண்டி ஏற 10.50. குத்தாலம் வழியாக மயிலாடுதுறைக்குள் நுழையும்போது 11.35. இங்கேதான் பாதை பிரிகிறது. வடக்கே திரும்பினால் வைத்தீஸ்வரன் கோயில், அரை மணி நேரம். கிழக்கே செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் என்று நேரே போனால் தரங்கம்பாடி, முக்கால் மணி நேரம்.

டெல்டாவில் பெரும்பாலான கோயில்களில் 12, 12.30 வாக்கில் நடை சாத்தி மாலை 4 மணிக்குத் திறப்பார்கள். நீங்கள் எழுதும் கோயிலின் நேரத்தை மட்டும் நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள். இங்கே 12.30 என்று வைத்துக்கொள்வோம். இப்போதே வடக்கே திரும்பினால் 12.05-க்குப் போய்விடலாம், தரிசனம் கிடைக்கும். அப்புறம் சாப்பாடு, அங்கிருந்து தரங்கம்பாடிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். கடற்கரையில் இறங்கும்போது 2.20 ஆகியிருக்கும். 4.30-க்குத் திருநாகேஸ்வரம் என்றால் 2.30-க்கு அங்கிருந்து கிளம்ப வேண்டும். ஆக, கடலுக்குப் பத்து நிமிஷம். முதலில் கடலுக்குப் போனால் வைத்தீஸ்வரன் கோயில் நடை சாத்திவிடும்.

இந்தக் கணக்கு போட்ட பிறகு சண்டையை யாரும் இட்டுக்கட்ட வேண்டியதில்லை. அம்மா சொல்வதும் சரி, மகள் சொல்வதும் சரி, இரண்டும் சேர்ந்து நடக்காது. கதையை நீங்கள் வீட்டில், தேங்காய் சாதம் கட்டுவதில் தொடங்கியிருக்கிறீர்கள். கார் கிளம்பவே 900 சொற்கள் ஆகின்றன. மயிலாடுதுறையில் 11.35-க்கு, வண்டியை ஓரங்கட்டி நிறுத்திய இடத்தில் தொடங்குங்கள். தேங்காய் சாதம் பின்சீட்டில் எவர்சில்வர் டப்பாவில் இருந்தால் போதும், யாரும் அதைத் திறக்காமல் இருப்பதே ஒரு செய்தி.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். நிறுத்திய வண்டிக்குள் அவர்கள் சண்டை போடும் நேரமும் கணக்கில் சேரட்டும். 11.35-க்குத் தொடங்கிய பேச்சு 12.05 வரை இழுக்கிறது. முடிவில் அம்மா ஜெயிக்கிறாள். வடக்கே திரும்புகிறார்கள், போய்ச் சேரும்போது 12.35, நடை சாத்தியாகிவிட்டது. கோயில் போயிற்று. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் கடலுக்கும் அதே பத்து நிமிஷம்தான், அதுவும் போன மாதிரிதான். சண்டையே இரண்டையும் தின்றுவிட்டது. வண்டிக்குள் யாரும் அதைச் சொல்லவும் மாட்டார்கள். உங்கள் பிரதியில் கடைக்கு முன்னால் இப்படி ஓர் இழப்பு இல்லை. தோழி முடிவைத் திடீர் என்றது அதனால்தான்.

யாருக்கு எந்த ஊர், எதற்காக

உங்கள் காரில் ஏழு பேர். ஆளுக்கோர் ஊர் கேட்கிறார்கள். மூன்றாவது பக்கத்தில் சித்தப்பா யார், மாமா யார் என்று நான் திரும்பிப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது. அப்பா, அம்மா, மகள், அப்பாவின் தாயார் என்று நான்கு பேர் போதும்.

அம்மா ‘நவக்கிரகம்’ என்றுதான் வாயால் சொல்வாள். அவளுக்கு வேண்டியது ஒரே கோயில். வைத்தீஸ்வரன் கோயில் செவ்வாய்க்குரிய தலம். மகளுக்கு 29 வயது என்று கதையில் எங்கோ ஒரு வரி போட்டிருக்கிறீர்கள். உங்கள் வாசகருக்கு அந்த இரண்டும் சேர்ந்தாலே விஷயம் புரிந்துவிடும். செவ்வாய் தோஷம், கல்யாணம், வரன் என்ற சொற்கள் இந்தக் கதையில் ஓரிடத்திலும் வரக் கூடாது. நீங்கள் 5-ஆம் பக்கத்தில் அம்மாவை அழவைத்து, “உனக்குக் கல்யாணம் ஆகலையேன்னுதானே இதெல்லாம்” என்று சொல்லவைத்திருக்கிறீர்கள். அந்த வரியை அடியுங்கள். நடை சாத்தும் நேரத்தைப் பற்றி மட்டுமே பேசினால் அந்தப் பேச்சுக்குள் கல்யாணம் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். வாயால் சொல்லிவிட்டால் அப்புறம் நடை சாத்தினால் என்ன, சாத்தாவிட்டால் என்ன?

மகள் எதற்காகக் கடல் கேட்கிறாள்? பிரதியில் “கோட்டையின் அழகை ரசிக்க” என்று இருக்கிறது. 1620-இல் டென்மார்க்காரர்கள் கட்டத் தொடங்கிய அந்தக் கோட்டை உண்மையில் பார்க்க வேண்டியதுதான், ஆனால் அதற்காக ஒருத்தி அம்மாவோடு நடுரோட்டில் மல்லுக்கு நிற்க மாட்டாள். காலையிலிருந்து இரண்டு கோயில் ஆயிற்று. இரண்டிலும் அர்ச்சனைத் தட்டோடு அம்மா குருக்களிடம் முதலில் சொன்னது மகளின் பெயர், நட்சத்திரம், ராசி. சூரியனார் கோயிலில் மகள் பக்கத்தில் நின்றாள். கஞ்சனூரில் தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். இந்த இரண்டு வரியை மட்டும் நினைவாகக் காட்டுங்கள். அவளுக்கு வேண்டியது தன் பெயருக்கு அர்ச்சனை நடக்காத ஓர் இடம் என்று படிக்கிறவர் கண்டுபிடித்துக்கொள்வார்.

வசனம் காரமாக வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். குறைய வேண்டும். “நாம் இப்போதே செல்லாவிட்டால் நடை அடைத்துவிடுவார்கள், ஏனெனில் இன்று ஞாயிற்றுக்கிழமை” என்று உங்கள் அம்மா பேசுகிறாள். காருக்குள் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை வாசகருக்காக ஒருவர் எடுத்துச் சொன்னால் அது அறிவிப்புப் பலகை ஆகிவிடும். இப்படி மாற்றிப் பாருங்கள்:

“நடை சாத்திருவாங்கங்க.”

“சாத்துனா நாலு மணிக்குத் தொறப்பாங்க.”

“நாலு மணிக்கு நாம எங்க இருக்கணும்?”

அப்பா பதில் சொல்லவில்லை.

“அப்ப கடல்?” என்றாள் மகள்.

“பத்து நிமிஷம் பாத்துக்க.”

“கடலைப் பத்து நிமிஷம் பாக்குறதுக்கு நான் எதுக்கும்மா வரணும்?”

பாட்டி ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, “யாராச்சும் என்னை ஒரு எடத்துல எறக்கி விடுங்க” என்றாள்.

திருநாகேஸ்வரம் என்ற பெயரே இதில் வரவில்லை, கவனித்தீர்களா? அவர்களுக்குத் தெரியும். வாசகருக்கு ஒரு பத்தி முன்னால் ராகு காலத்தை ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும். பாட்டிக்கு எந்த ஊரும் வேண்டாம் என்பதும் நல்லது. சண்டையில் ஓட்டுப் போடாத ஓர் ஆள் இருந்தால், மற்றவர்கள் கத்துவது நன்றாகக் கேட்கும்.

மே மாதத்துக் காவிரி

கதை நடப்பது மே மாதம், பள்ளி விடுமுறை. இரண்டாம் பக்கத்தில் “இருகரையும் தொட்டு ஓடிய காவிரி” என்று எழுதியிருக்கிறீர்கள், பச்சைப் பசேலென்ற நாற்றும் இருக்கிறது. மேட்டூர் அணையைத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. அந்தத் தண்ணீர் மயிலாடுதுறைப் பக்கத்துக் கடைமடைக்கு வந்து சேர அதற்கு மேலும் நாளாகும். மே மாதத்தில் ஆற்றில் மணல்தான், நாணல்தான். பம்புசெட் வைத்திருப்பவர்கள் முன்பட்ட குறுவை போட்டிருப்பார்கள், அதனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சைத் திட்டு இருக்கலாம். குத்தாலம், செம்பனார்கோயில் வட்டாரத்தில் கோடைப் பருத்தி நிற்கும். மீதியெல்லாம் வெடித்த தரிசு. நீங்கள் அங்கேயே இருக்கிறவர், இது உங்களுக்குத் தெரியாததில்லை. ‘டெல்டா’ என்று எழுதியதும் கை தானாகப் பச்சை மையைத் தொட்டிருக்கிறது.

தண்ணீர்தான் வேண்டும் என்றால் கதையை ஆடிப்பெருக்குக்குத் தள்ளலாம். அப்போது கடையில் நுங்கு இருக்காது. உங்கள் பிரதியில் கடைசிப் பக்கத்தில் நுங்கு வருகிறது. கதையில் எனக்கு மிகவும் பிடித்த பொருளே அதுதான், டீயையும் பஜ்ஜியையும் விட்டுவிட்டு அதை எடுத்திருக்கிறீர்கள். ஆகவே மே மாதமே இருக்கட்டும், ஆறு காயட்டும்.

அத்தை விஷயம்

பெயரை மாற்றினால் போதும் என்பது பலரும் நினைப்பதுதான். போதாது. உறவுக்காரர்கள் பெயரை வைத்தா அடையாளம் காண்கிறார்கள்? ‘ம்க்கும்’ என்று தொண்டையைச் செருமிவிட்டுப் பேச ஆரம்பிக்கும் பழக்கம், இடது கண்ணோரத்து மச்சம், தம்பி மகன் படிப்புக்கு வளையல் அடகு வைத்த கதை, மூன்றும் ஒரே ஆளிடம் இருந்தால் உங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் வராது. அவதூறு என்று ஒருவர் வழக்குக்குப் போனாலும், பெயர் இருக்கிறதா என்பதோடு நிற்காது. தெரிந்தவர்கள் படித்தால் ஆளைக் கண்டுகொள்வார்களா என்றும் பார்ப்பார்கள். வழக்கு வரை போவது அரிது. அடுத்த கல்யாணத்தில் அத்தை உங்களோடு பேசாமல் போவது அரிதல்ல.

நான்கு பேராகக் குறைக்கும்போது அத்தை தானாகவே வெளியே போகிறார், அது ஒரு லாபம். அவரிடமிருந்து எதையாவது வைத்துக்கொள்ள ஆசை இருந்தால், அந்தச் செருமலை எடுத்துப் பாட்டிக்குக் கொடுத்துவிடுங்கள். மச்சம் வேண்டாம். அடகு வைத்த வளையல் அவருடைய ரகசியம். அவரிடம் கேட்காமல் அதைத் தொடாதீர்கள். கேட்டுச் சம்மதித்தாலும், இந்தக் கதைக்கு அது தேவைப்படவில்லை. கடைக்காரப் பெண் பழைய நுங்கைத் தலையில் கட்டுவதாக ஒரு வரி இருக்கிறது. கூடவே சாலையின் பெயரும், கடைக்கு எதிரே உள்ள பள்ளியின் பெயரும் இருக்கின்றன. அந்த இரண்டு பெயரையும் எடுத்துவிடுங்கள்.

இதழ்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரே கதையை ஒரே சமயத்தில் மூன்று இடத்துக்கு அனுப்பாதீர்கள். இரண்டு இடத்தில் எடுத்துவிட்டால் சங்கடம் உங்களுக்குத்தான். முகநூலில் போட்ட கதையைப் பல இதழ்கள் வெளிவந்ததாகவே எடுத்துக்கொள்ளும், அதனால் திருத்தும்வரை அங்கேயும் வேண்டாம்.

ரயில்வே கேட்டும் நுங்கும்

இப்போது கடை. பிரதியில் அப்பா “நுங்கு சாப்பிடலாம்” என்று வண்டியை நிறுத்துகிறார். கோயிலையும் கடலையும் தோற்ற மனிதர் நுங்குக்காக நிறுத்த மாட்டார், கோபத்தில் இன்னும் வேகமாகத்தான் ஓட்டுவார். வண்டி நிற்க வெளியிலிருந்து காரணம் வேண்டும். மயிலாடுதுறை சீர்காழி ரயில் பாதையை ஏதோ ஒரு கிராமச் சாலை வெட்டுகிற இடத்தில் கேட் போட்டிருக்கட்டும். கேட்டில் காத்திருக்கும் வண்டிகளை நம்பித்தான் வெள்ளரிப்பிஞ்சும் நுங்கும் விற்கிறவர்கள் அங்கே உட்காருகிறார்கள், அதனால் கடைக்கும் தனியாகக் காரணம் தேட வேண்டாம். ஊர்ப்பெயர் போடுவதானால் அங்கே இன்னும் கேட் இருக்கிறதா, பாலம் கட்டிவிட்டார்களா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். அப்பா இன்ஜினை அணைக்கிறார். ஏசி நிற்கிறது. மே மாதம் பகல் ஒரு மணி. இரண்டு நிமிஷத்துக்கு மேல் கோபத்தோடு உள்ளே உட்கார முடியாது, கதவைத் திறந்துதான் ஆக வேண்டும்.

அங்கே பாட்டிக்கு மயக்கம் வரவைத்திருக்கிறீர்கள். எல்லோரும் பதறுகிறார்கள், கடைக்காரப் பெண் அவள் வாயில் நுங்குத் தண்ணீரை ஊற்றுகிறாள், பாட்டி கண் திறக்கிறாள், குடும்பம் ஒன்று சேர்கிறது. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். இதைப் படித்து யாராவது செய்துவிடப் போகிறார்கள். அது ஒரு பக்கம் இருக்க, ஒருவர் மயங்கி விழுந்ததும் நிற்கிற சண்டை, அவர் எழுந்து உட்கார்ந்ததும் மறுபடி தொடங்கும். சண்டை தீர்ந்ததாக நீங்கள் நினைக்கிறீர்கள், அது ஓரமாக ஒதுங்கித்தான் நிற்கிறது.

மயக்கத்தை எடுத்துவிட்டு நுங்கைக் கவனியுங்கள். அரிவாளால் காயின் தலையைச் சீவினால் பெரும்பாலும் மூன்று கண் தெரியும், சிலதில் இரண்டுதான். இளசாக இருந்தால் உள்ளே தண்ணீர் நிற்கும், கடித்தால் முழங்கை வரை வழியும். முற்றினால் கல்லு மாதிரி, ‘கடுக்காய்’ என்று ஒதுக்கிவிடுவார்கள். மேலே ஒட்டியிருக்கும் பழுப்புத் தோல் துவர்க்கும். சிலர் அதோடு சாப்பிடுவார்கள், சில குழந்தைகள் தோல் உரிக்காவிட்டால் தொடவே மாட்டார்கள். நகத்தால் ஓரத்தில் கிள்ளி, உடையாமல், தண்ணீர் சிந்தாமல் உரிப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். மூன்று கண், நான்கு பேர் என்று குறியீடு தேடிப் போகாதீர்கள். உரிக்கிற வேலையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா ஒரு நுங்கை உரிக்கிறாள். யாருக்கு என்று சொல்லவில்லை. உரித்து முடித்து, மகள் பக்கம் திரும்பாமலே கையை நீட்டுகிறாள். மகள் வாங்கிக்கொள்கிறாள். மகளுக்குத் துவர்ப்பு ஆகாது என்பதைக் கதையின் முன்பகுதியில் வேறு எதிலாவது, வெற்றிலையோ வாழைப்பூவோ, போகிறபோக்கில் சொல்லி வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த இடம் வேலை செய்யாது. மன்னிப்பு, கண்ணீர், தோளில் சாய்வது எதுவும் வேண்டாம். அம்மா செவ்வாயை விட்டுவிட்டாள் என்றும் எழுத வேண்டாம், அவள் விடவில்லை. அடுத்த மாதம் மறுபடி வருவாள்.

இங்கிருந்து இரண்டு வழி இருக்கிறது. ரயில் போய்க் கேட் திறக்கிறது, பின்னாலிருந்து ஹாரன் அடிக்கிறார்கள், அப்பா “எந்தப் பக்கம் திருப்ப?” என்று கேட்கிறார், யாரும் பதில் சொல்லவில்லை. வாசகர்கள் சிரிக்க வாய்ப்புள்ள முடிவு இது, தவறில்லை. மற்றது, கேட் இன்னும் திறக்கவில்லை, அம்மா அடுத்த நுங்கை எடுத்து ஓரத்தில் நகத்தை வைக்கிறாள். நான் எழுதினால் இரண்டாவதில் நிறுத்துவேன். முதலாவதில் அப்பாவுக்குக் கடைசி வரி கிடைத்துவிடுகிறது, இது அவருடைய கதை இல்லை. ஆனால் எழுதிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எதை எடுத்தாலும் 4.30-க்கு அவர்கள் திருநாகேஸ்வரம் போய்ச் சேர்ந்தார்களா என்று எழுத வேண்டாம். கேட்டில் நிற்கும்போது மணி 1.10 என்று ஒரு முறை காட்டிவிட்டால், அந்தக் கணக்கை வாசகரே போட்டுக்கொள்வார்.